லெக்சரர் வேலைக்கு சி.வி.: 27 பேப்பரை முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா?

*நான் சிவில் இன்ஜினியரிங். கோவை அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் 4 வருடம் உதவிப் பேராசிரியராக இருந்தேன். பிறகு சென்னையில் பிஎச்.டி. இப்போது இங்கிலாந்தில் போஸ்ட்டாக், மூன்றாவது வருடம். லெக்சரர் வேலைக்கு 5 இடங்களில் விண்ணப்பித்தேன், ஒன்றிலும் நேர்காணலுக்குக் கூப்பிடவில்லை. என் சி.வி. 11 பக்கம். 27 பேப்பர் இருப்பதால் அதைத்தான் முன்னால் வைத்திருக்கிறேன். பாடம் நடத்தியது பின்னால் வருகிறது. கிராண்ட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. எதை எங்கே வைக்க வேண்டும்? சி.வி.யையும், அடுத்து விண்ணப்பிக்கப் போகும் வேலையின் விளம்பரத்தையும் இணைத்திருக்கிறேன்.*
*— வாசகி, இங்கிலாந்து*

வணக்கம். உங்கள் சி.வி.யை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்திருப்பவன் எப்படிப் படிப்பானோ அப்படி: பக்கத்தில் விளம்பரத்தின் தகுதிப் பட்டியல், கையில் பேனா, கடிகாரத்தில் ஐந்து நிமிடம். நேரம் முடிந்தபோது நான் நான்காம் பக்கத்தில், 19-வது பேப்பரில் இருந்தேன். பாடம் நடத்திய அனுபவத்துக்கும் ஆய்வு நிதிக்கும் நேராக என் தாளில் எதுவும் விழவில்லை. இரண்டாம் முறை நிதானமாகப் படித்தேன். கேட்ட எல்லாமே இருக்கிறது, ஆனால் 7-ஆம் பக்கத்திலும் 9-ஆம் பக்கத்திலும் இருக்கிறது.

இங்கே ஷார்ட்லிஸ்ட் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் வரிசை தானாகவே புரியும். விளம்பரத்தோடு 'பெர்சன் ஸ்பெசிஃபிகேஷன்' என்று ஒரு தாள் வரும். கட்டாயத் தகுதி, இருந்தால் நல்லது என்று இரண்டு பிரிவாக வரிகள் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அதை விண்ணப்பத்தில் பார்ப்பார்களா நேர்காணலில் பார்ப்பார்களா என்றும் பெரும்பாலும் குறித்திருப்பார்கள். நான் இருந்த குழுக்களில் மூன்று பேர் தனித்தனியாகப் படித்து, அந்த வரிகளுக்கு மதிப்பெண் போட்டு, பிறகு கூடிப் பேசுவோம். ஒருவரை ஏன் கூப்பிடவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். அதனால் ஒரு கட்டாயத் தகுதிக்குச் சான்று கண்ணில் படாவிட்டால், அந்த வரியில் பூஜ்யம்தான். 'இவ்வளவு பேப்பர் எழுதியவர் பாடமும் நடத்தியிருப்பார்' என்று யாரும் உங்களுக்காக ஊகிக்க மாட்டார்கள், ஊகிக்கவும் கூடாது.

உங்கள் சி.வி. ஏன் இப்படி வளர்ந்தது என்பதும் எனக்குத் தெரியும். நானும் அங்கிருந்து வந்தவன்தான். யூ.ஜி.சி.யின் 2018 விதிமுறையில் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியருக்கான ஷார்ட்லிஸ்ட் அட்டவணையைப் பாருங்கள். பிஎச்.டி.க்கு 30, ஒரு பேப்பருக்கு 2 வீதம் அதிகபட்சம் 10, ஒரு வருட அனுபவத்துக்கு 2 வீதம் அதிகபட்சம் 10 என்று எண்ணிக்கைதான் கணக்கு. எண்ணிக் காட்ட வேண்டிய இடத்தில் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு எழுதுவது சரி. இங்கே எண்ணுகிறவர் யாருமில்லை. தேடுகிறவர்கள்தான் இருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய விளம்பரத்தின் கட்டாயத் தகுதி வரிகளைப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மொத்தம் 9. ஒன்று பிஎச்.டி. இரண்டு ஆய்வு வெளியீடு பற்றியவை. ஒன்று 'ஆய்வு நிதி ஈட்டியிருப்பது, அல்லது ஈட்டக்கூடிய திறனுக்கான சான்று'. மூன்று பாடம் நடத்துவது, மதிப்பிடுவது, மாணவர்களை வழிநடத்துவது பற்றியவை. இரண்டு கூட்டுப்பணி, துறை நிர்வாகம். பதவியின் பெயர் 'லெக்சரர்', ஒப்பந்த வகை 'டீச்சிங் அண்ட் ரிசர்ச்'. ஆய்வும் கற்பித்தலும் ஏறக்குறைய சமம் என்று அந்தத் தாளே சொல்கிறது. நீங்கள் கொடுத்திருப்பதோ ஆய்வுக்கு ஆறு பக்கம், கற்பித்தலுக்கு ஐந்து வரி.

நான் சொல்லும் வரிசை இது. முதல் அரைப் பக்கத்தில் இப்போதைய வேலை, முந்தைய வேலை, படிப்பு. மூன்றும் புதியது முதலில். அடுத்து ஆய்வு: உங்கள் ஆய்வு எதைப் பற்றியது என்று மூன்று வரி, அதன்கீழ் தேர்ந்தெடுத்த நான்கு பேப்பர். அதை ஒட்டியே ஆய்வு நிதி. இரண்டாம் பக்கத்தின் நடுவில் கற்பித்தல் தொடங்கி ஒரு முழுப் பக்கம் போக வேண்டும். பிறகு நிர்வாகப் பொறுப்பும் கூட்டுப்பணியும் சில வரிகள், பரிந்துரையாளர்கள். கடைசியாக, தனித் தலைப்பில் முழு வெளியீட்டுப் பட்டியல். முதல் நான்கு பக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும், பட்டியல் அதற்குப் பின்னால் பிற்சேர்க்கைபோல் எவ்வளவு நீண்டாலும் யாருக்கும் தொந்தரவில்லை.

இனி, உள்ளே என்ன செய்வது என்று பார்ப்போம்.

பேப்பர்களிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் 27-ல் 9 ஜர்னல், 18 கான்ஃபரன்ஸ். எல்லாம் ஒரே ஓட்டமாக, தேதி வரிசையில் கலந்து கிடக்கின்றன. முதல் எண்ணில் இருப்பது கடந்த ஆண்டு ஒரு கான்ஃபரன்ஸில் நான்காவது ஆசிரியராக நீங்கள் இருந்த இரண்டு பக்கச் சுருக்கம். உங்களுடைய மிகச் சிறந்த வேலை, கசடு கலந்த கான்கிரீட்டில் குளோரைடு ஊடுருவுவதைப் பற்றிய பேப்பர், 6-வது எண்ணில் இருக்கிறது. தேதி வரிசை நேர்மையானதுதான், ஆனால் எது முக்கியம் என்ற முடிவை அது காலண்டரிடம் விட்டுவிடுகிறது.

இங்கே துறைகள் எதை மனதில் வைத்துப் படிக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாப் பல்கலைக்கழகங்களின் ஆய்வையும் தரம் பார்க்கும் 'ரெஃப்' என்ற மதிப்பீடு உண்டு. கடைசியாக நடந்தது 2021, அடுத்தது 2029. 2021-இல் ஒரு துறை தன் ஆய்வாசிரியர்களின் முழுநேரக் கணக்கில் ஆளுக்குச் சராசரி 2.5 வெளியீடு கொடுத்தால் போதும் என்று இருந்தது. ஒருவரிடமிருந்து 5-க்கு மேல் எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஒவ்வொன்றையும் நிபுணர் குழு படித்து நட்சத்திரம் போடும். அந்தப் பழக்கத்தில் ஊறிய ஒரு பேராசிரியர் உங்கள் 27-ஐப் பார்க்கும்போது 'இவ்வளவா!' என்று நினைப்பதில்லை. 'இதில் நல்ல மூன்று எது?' என்றுதான் தேடுவார். தேட விடாமல் நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் ஜர்னல் பேப்பர்களிலிருந்து நான் எடுக்கும் நான்கு: முதல் ஆசிரியராக இருக்கும் மூன்று, அதோடு போஸ்ட்டாக் காலத்தில் இரண்டாம் ஆசிரியராக எழுதிய ஒன்று. நான்காவதை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மூன்றும் பிஎச்.டி. வழிகாட்டியோடு எழுதியவை. அதை மட்டும் வைத்தால், 'அவர் நிழலை விட்டு வெளியே வந்தாரா?' என்ற கேள்வி வரும். லெக்சரர் வேலைக்கு அந்தக் கேள்வி பெரிது. ஏனென்றால் அவர்கள் தேடுவது தனியாக ஒரு ஆய்வுக் குழுவை நடத்தப் போகிறவரை. ஒவ்வொரு பேப்பரின் கீழும் இரண்டே வரி எழுதுங்கள்: என்ன கண்டுபிடித்தோம், அதில் என் பங்கு என்ன. ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், வடிவம் தெரிவதற்காகத் தமிழில் தருகிறேன்:

> [ஆசிரியர்கள், உங்கள் பெயர் தடித்த எழுத்தில், ஆண்டு, தலைப்பு, ஜர்னல், டி.ஓ.ஐ.]
> கசடு விகிதம் கூடும்போது குளோரைடு பரவும் வேகம் குறைவது, துளைகளின் அளவைவிட அவை ஒன்றோடொன்று இணைந்திருப்பதையே அதிகம் பொறுத்தது என்று காட்டினோம். சோதனைத் திட்டம், மாதிரிகள் வார்த்தல், தரவு ஆய்வு, முதல் வரைவு என்னுடையவை. இமேஜிங் இணையாசிரியர் செய்தது.

கடைசி அரை வாக்கியத்தைப் பாருங்கள். 'இது என்னுடையதல்ல' என்று ஒரு பகுதியை விட்டுக்கொடுத்ததும் மற்றதெல்லாம் நம்பும்படி ஆகிவிடுகிறது. நேர்காணலில் இமேஜிங் பற்றிக் குடைந்தாலும் நீங்கள் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

ஒவ்வொரு பேப்பருக்கும் பக்கத்தில் இம்பாக்ட் ஃபாக்டர், 'க்யூ 1', 'ஸ்கோபஸ் இண்டெக்ஸ்டு' என்று போட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஜர்னலின் எண்ணை வைத்துத் தனி பேப்பரையோ ஆளையோ அளக்கக் கூடாது என்று சொல்லும் 'டோரா' பிரகடனம் 2012-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஒரு கூட்டத்தில் பிறந்தது. இங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. கையெழுத்திட்ட இடத்தில் அந்த எண் உங்களுக்கு எதையும் சேர்க்காது. இந்த ஊர் வழக்கம் இன்னும் பழகவில்லை என்பதை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

பின்னிணைப்பாகப் போகும் முழுப் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். ஜர்னல் பேப்பர்கள், முழு வடிவில் மதிப்பீடு செய்யப்பட்டு வெளியான கான்ஃபரன்ஸ் பேப்பர்கள், வெறும் சுருக்கமும் பேச்சும். உங்கள் 18 கான்ஃபரன்ஸில் 11 மூன்றாம் வகை. அவற்றை ஜர்னலோடு கலந்து எண்ணியதால் 27 என்ற எண் கிடைத்தது, ஆனால் படிப்பவருக்குக் கிடைப்பது சந்தேகம். பெருக்கிக் காட்டுகிறாரோ என்று ஒருமுறை தோன்றிவிட்டால் உண்மையான 9-க்கும் அதே பார்வைதான் விழும். 'மதிப்பீட்டில் உள்ளது' என்பதற்கு ஜர்னல் பெயரும் அனுப்பிய மாதமும் போடலாம். 'எழுதிக்கொண்டிருக்கிறேன்' வகையில் நான்கு வைத்திருக்கிறீர்களே, அவை வேண்டாம். அவற்றின் இடம் ஆய்வுத் திட்டம்.

கல்லூரிக் காலத்தில் காசு கட்டிப் போட்ட இரண்டு 'இன்டர்நேஷனல் ஜர்னல்' பேப்பர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நிர்வாகம் தலைக்கு இத்தனை என்று கேட்டது, எல்லோரும் போட்டோம். தலைப்பு 'முழு வெளியீட்டுப் பட்டியல்' என்று இருந்தால் அவற்றை ஒளிக்கக் கூடாது. 'பிஎச்.டி. தொடங்கியதிலிருந்து வெளியீடுகள்' என்று தலைப்பு போட்டால் அவை இயல்பாகவே வெளியே நின்றுவிடும், பொய்யும் இல்லை. நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

பெயர்ச் சிக்கல் ஒன்றும் கண்ணில் பட்டது. நம் ஊர்க்காரர்களுக்கே வரும் சிக்கல் இது. சில பேப்பரில் இனிஷியல் முன்னால், சிலவற்றில் பின்னால், இங்கே வந்த பிறகு அப்பா பெயர் முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில். 'எஸ். கவிதா', 'கவிதா எஸ்.', 'கவிதா சுப்பிரமணியன்' மூன்றும் ஒரே ஆள் என்று இங்குள்ளவருக்கு எப்படித் தெரியும்? தேடினால் மூன்று பேர் வருவார்கள். பட்டியலில் பேப்பரில் அச்சான பெயரை மாற்றாமல் விடுங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் தடித்த எழுத்தாக்குங்கள். பட்டியலின் தலையில் 'இந்த மூன்று வடிவங்களிலும் வெளியிட்டுள்ளேன்' என்று ஒரு வரி போடுங்கள். எல்லாவற்றையும் ஆய்வாளருக்கென்று தரும் ஆர்சிட் என்ற ஒரே அடையாள எண்ணின்கீழ் சேர்த்து, அந்த எண்ணை முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே வையுங்கள்.

அடுத்தது நிதி. 'ஒன்றுமில்லை' என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சி.வி.யிலோ 'கிராண்ட்ஸ்' என்ற தலைப்பில் உங்கள் இப்போதைய ஆய்வுத் தலைவரின் பெரிய திட்டத்தின் முழுத் தொகையைப் போட்டிருக்கிறீர்கள். பங்கு என்ன என்று சொல்லவில்லை. இது ஆபத்து. அந்தத் திட்டத்தின் தலைவர் யார் என்பது பொதுவில் இருக்கும் தகவல், குழுவில் ஒருவராவது அவரை அறிந்திருப்பார். நீங்கள் ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரிகிறது, அவர்களுக்குத் தெரியாது.

அதே சமயம் அந்தத் திட்டத்தில் உங்களுக்கு நியாயமான ஓர் இடம் இருக்கிறது. 7-ஆம் பக்கத்தில், 'பொறுப்புகள்' என்ற தலைப்பின் கீழ், திட்டத்தின் நீட்டிப்பு விண்ணப்பத்துக்கான இரண்டாம் வேலைப்பகுதியை நீங்கள் எழுதியதாகச் சொல்கிறீர்கள். அதுதான் 'நிதி ஈட்டக்கூடிய திறனுக்கான சான்று'. போஸ்ட்டாக்காக இருப்பவர் பெரும்பாலான ஆய்வு மன்ற நிதிக்குத் தலைவராக விண்ணப்பிக்கவே முடியாது என்பது குழுவுக்குத் தெரியும். பொறியியலுக்கான மன்றமான இ.பி.எஸ்.ஆர்.சி.யின் 'நியூ இன்வெஸ்டிகேட்டர் அவார்ட்' கூட, லெக்சரர் போன்ற பதவிக்கு வந்த பிறகு முதல் பெரிய நிதியைத் தேடுகிறவர்களுக்கானது. எனவே உங்களிடம் லட்சங்களை யாரும் எதிர்பார்க்கவில்லை. போட்டியில் நின்று எதையாவது வென்ற அடையாளத்தைத்தான் தேடுகிறார்கள்.

அப்படிப் பார்த்தால் உங்களிடம் நான்கு இருக்கிறது. நீங்கள் எழுதிய அந்த வேலைப்பகுதி. பல்கலைக்கழகத்தின் உள்நிதியில் நீங்களே தலைவராக வாங்கிய 4,000 பவுண்டு. பிஎச்.டி. காலத்தில் கிடைத்த வெளிநாட்டுப் பயண நிதி. நாலாவதைச் 'சோதனை வசதிகள்' என்ற தலைப்பில் புதைத்திருக்கிறீர்கள்: ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் டைமண்ட் லைட் சோர்ஸ் என்ற சிங்க்ரோட்ரான் ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் பீம்டைம், அதாவது அதன் கதிரைச் சோதனைக்குப் பயன்படுத்தும் நேரம். அங்கே காசு கைக்கு வருவதில்லை, ஆனால் திட்டம் எழுதி, மதிப்பீட்டாளர்கள் படித்து, மற்றவர்களைத் தள்ளி உங்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிதிக்குப் பக்கத்தில்தான் அது நிற்க வேண்டும். தலைப்பை 'ஆய்வு நிதியும் போட்டியில் பெற்ற வசதிகளும்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஆண்டு, கொடுத்தவர், தொகை, உங்கள் பங்கு நான்கும் இருக்கட்டும்:

> உள்நிதி, 4,000 பவுண்டு, தலைவர். பழைய கான்கிரீட்டை அரைத்துச் சிமெண்டுக்கு மாற்றாகப் பயன்படுத்தும் முன்னோட்ட ஆய்வு. இதன் தரவே தேர்ந்தெடுத்த 4-வது பேப்பர்.
> ஆய்வு மன்ற நிதியின் நீட்டிப்பு விண்ணப்பம் (தலைவர்: என் ஆய்வுத் தலைவர்). இரண்டாம் வேலைப்பகுதியை வடிவமைத்து எழுதினேன், முடிவுக்குக் காத்திருக்கிறது.

வரிசை தொகைப்படி வேண்டாம். நீங்கள் தலைமை வகித்தது முதலில், பங்களித்தது அடுத்தது, பயண நிதி கடைசி. பெரிய தொகையை மேலே வைத்தால் கண் உங்கள் தலைவரிடம் போகும், 4,000-ஐ மேலே வைத்தால் உங்களிடம் நிற்கும். முதல் வரியின் கடைசிச் சொற்களைக் கவனித்தீர்களா? சின்னக் காசு பேப்பராக மாறியது என்று தெரிந்ததும், பேப்பருக்கு அடுத்தபடி நிதியை ஏன் வைக்கச் சொன்னேன் என்பது விளங்கும்.

தோற்ற விண்ணப்பங்களைப் போடலாமா என்று பலர் கேட்பார்கள். நல்ல மதிப்பீடு பெற்று நிதி மட்டும் கிடைக்காமல் போனதென்றால் ஒன்று போடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இனி கற்பித்தல். உங்கள் சி.வி.யில் அதிகமாக வீணாகியிருப்பது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நீங்கள் எழுதியிருப்பது: 'உதவிப் பேராசிரியர், 4 ஆண்டுகள். நடத்திய பாடங்கள்: ஆர்.சி.சி. வடிவமைப்பு, கான்கிரீட் டெக்னாலஜி, சர்வேயிங். தேர்ச்சி விகிதம் 94%.' அவ்வளவுதான்.

94 விழுக்காட்டை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் அது பெருமை, பல்கலைக்கழகம் கேள்வித்தாள் போட்டு வெளியார் திருத்தும் தேர்வில் அதை எடுப்பது எளிதில்லை. இங்கே பாடம் நடத்துபவரே கேள்வித்தாளையும் போட்டு, அவரே திருத்துகிறார். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு 94 என்பது 'ரொம்ப எளிதாகப் போட்டிருப்பார்' என்று தெரியக்கூடும். விளக்கம் சொல்ல இடமில்லாத எண்ணை விட்டுவிடுவது நல்லது.

அதற்குப் பதில் இவர்கள் மொழியில் மாற்றுங்கள். இங்கே பட்டப் படிப்பின் முதல் ஆண்டு 'லெவல் 4', கடைசி ஆண்டு 'லெவல் 6', முதுகலை 'லெவல் 7'. நம் நான்கு ஆண்டு பி.இ.யை அதோடு துல்லியமாகப் பொருத்த முடியாது. 'மூன்றாம் ஆண்டு (லெவல் 5–6-க்கு நெருக்கம்)' என்று எழுதினால் புரிந்துகொள்வார்கள். பாடத்துக்கு இரண்டு மூன்று வரி ஒதுக்குங்கள்:

> ஆர்.சி.சி. வடிவமைப்பு, பி.இ. மூன்றாம் ஆண்டு, 2 பிரிவு, சுமார் 120 மாணவர்கள், 3 முறை. முழுப் பொறுப்பு: வாரம் 4 விரிவுரை, அகமதிப்பீட்டுத் தேர்வுகள் தயாரித்தலும் திருத்தலும். பாடத்திட்டம் இணைவுப் பல்கலைக்கழகத்துடையது. வடிவமைப்புக் கணக்குகளுக்குத் தளத்திலிருந்து எடுத்த உண்மையான வரைபடங்களைப் பயன்படுத்தும் பயிற்சியை நான் சேர்த்தேன்.

பாடத்திட்டம் உங்களுடையதல்ல என்று ஒத்துக்கொள்வது இங்கேயும் உதவும். இணைவுக் கல்லூரி முறையை அறியாதவர்கள் 'பாடத்தை நீங்கள் வடிவமைத்தீர்களா?' என்று நேர்காணலில் கேட்பார்கள். சி.வி.யே பதில் சொல்லிவிட்டால், எதை நீங்கள் மாற்றினீர்கள் என்ற நல்ல கேள்விக்குப் பேச்சு நேராகப் போகும்.

இப்போது 9-ஆம் பக்கத்துக்கு வாருங்கள். 'இதர பணிகள்' என்ற தலைப்பில், கல்லூரி ஆண்டுவிழாக் குழுவுக்கும் ஹாஸ்டல் துணை வார்டனுக்கும் நடுவில், 'என்.பி.ஏ. ஒருங்கிணைப்பாளர், சிவில் துறை' என்று ஒரு வரி. நம் ஊரில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் வாரியத்துக்கான வேலை அது. இதை ஏன் அங்கே போட்டீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து சி.ஓ.–பி.ஓ. மேப்பிங் போட்டு, ஃபைல் ஃபைலாக அடுக்கியதை எரிச்சலான குமாஸ்தா வேலையாகத்தான் நாம் நினைக்கிறோம். இங்கே அதற்குச் சந்தை இருக்கிறது. பிரிட்டனில் சிவில் பட்டங்களுக்கு அங்கீகாரம் பார்ப்பது 'ஜே.பி.எம்.' என்று சுருக்கமாகச் சொல்லும் கூட்டு வாரியம். கற்றல் விளைவுகளை இன்ஜினியரிங் கவுன்சிலின் 'ஏ-ஹெப்' என்ற ஆவணம் வகுக்கிறது. மாணவன் என்ன செய்யத் தெரிந்து வெளியே போக வேண்டும், அதை எந்தப் பாடத்தின் எந்தத் தேர்வு காட்டுகிறது என்று பொருத்திக் காட்டும் வேலைதான் இங்கும். இரண்டு நாடுகளும், பொறியியல் பட்ட அங்கீகாரத்தை ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இருப்பவை. பிரிட்டன் அதை 1989-இல் தொடங்கிய நாடுகளில் ஒன்று, இந்தியா 2014-இல் முழு உறுப்பினரானது.

அங்கீகாரக் குழு வரும் ஆண்டு என்றால் எந்தத் துறையிலும் அந்த வேலையைத் தலையில் போட்டுக்கொள்ள ஆள் கிடைப்பதில்லை. அதைச் செய்து பழகியவர் ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார் என்றால் துறைத்தலைவர் நிமிர்ந்து உட்காருவார். கற்பித்தல் பகுதியின் முதல் மூன்று வரிக்குள் இது வர வேண்டும். 'வாஷிங்டன் உடன்படிக்கை உறுப்பினரான இந்தியாவின் அங்கீகார வாரியம்' என்று ஒரு சிறு விளக்கமும், நீங்கள் எத்தனை பாடங்களுக்கு மேப்பிங் செய்தீர்கள், அதன் விளைவாக எந்தத் தேர்வு முறை மாறியது என்பதும் வரட்டும். மாறியது எதுவுமில்லை என்றால் அந்தப் பகுதியை எழுத வேண்டாம்.

போஸ்ட்டாக் காலத்தில் நீங்கள் செய்ததையும் விட்டுவிட்டீர்கள். லேப் வகுப்பில் உதவியது, இரண்டு எம்.எஸ்சி. மாணவர்களின் ஆய்வேட்டை நடைமுறையில் வழிநடத்தியது எல்லாம் எங்கே? கோவையில் முழு வகுப்பு எடுத்தவருக்கு இது அற்பமாகத் தோன்றியிருக்கும். குழுவுக்கு அது முக்கியம், இந்த நாட்டு மாணவர்களோடு பழகியிருக்கிறார் என்பதற்கு அதுவே சான்று. புதியது முதலில் என்ற முறைப்படி அது கோவைக்கு மேலே வரும்.

விளம்பரத்தின் 'இருந்தால் நல்லது' பிரிவில், உயர்கல்விக் கற்பித்தலுக்கான அட்வான்ஸ் ஹெச்.இ. அமைப்பின் ஃபெல்லோஷிப் கேட்டிருக்கிறார்கள். அதில் நான்கு படி உண்டு, லெக்சரருக்குப் பொதுவாகக் கேட்பது இரண்டாவதான 'ஃபெல்லோ'. போஸ்ட்டாக் ஒருவர் அசோசியேட் ஃபெல்லோவுக்கு இப்போதே முயலலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் கற்பித்தல் மேம்பாட்டுப் பிரிவில் கேளுங்கள். பதிவு செய்துவிட்டால் 'விண்ணப்பித்துள்ளேன், முடிவு எதிர்பார்க்கும் மாதம் இது' என்று கற்பித்தல் பகுதியின் தலையில் எழுதலாம். பதிவு செய்யாமல் 'முயலவிருக்கிறேன்' என்று எழுதாதீர்கள்.

வெட்ட வேண்டியவை விரைவாக: போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர், திருமண நிலை, பாஸ்போர்ட் எண். வயதும் திருமண நிலையும் 2010-இன் சமத்துவச் சட்டம் காக்கும் விஷயங்கள். அவற்றை நீங்களாகக் கொடுத்தால் குழுவுக்குத்தான் சங்கடம். 'மேற்கண்ட தகவல்கள் உண்மையென உறுதி கூறுகிறேன்', இடம், தேதி, கையெழுத்து, அதுவும் வேண்டாம். கலந்துகொண்ட 23 எஃப்.டி.பி.யும் வொர்க்‌ஷாப்பும் போகட்டும், நீங்கள் நடத்திய இரண்டு மட்டும் கற்பித்தலில் ஒரு வரியாக இருக்கட்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை இங்கே யாரும் பார்ப்பதில்லை.

இந்த வரிசையை எல்லா விண்ணப்பத்துக்கும் அப்படியே அனுப்ப முடியாது. முன்பு போட்ட ஐந்தில் ஒன்று, பழைய பாலிடெக்னிக்காக இருந்து 1992-க்குப் பிறகு பல்கலைக்கழகமான இடம். அதன் விளம்பரத்தையும் தேடிப் பார்த்தேன். ஒப்பந்த வகை 'டீச்சிங் அண்ட் ஸ்காலர்ஷிப்', கட்டாய வரிகளில் பாதிக்கு மேல் கற்பித்தல், நிதி பற்றி ஒரு வரிகூட இல்லை. அங்கே வேலையும் படிப்பும் முடிந்ததும் கற்பித்தல் தொடங்க வேண்டும், என்.பி.ஏ. முதல் பக்கத்திலேயே வர வேண்டும், தேர்ந்தெடுத்த பேப்பர் இரண்டு போதும், நிதி ஆய்வுக்குள் ஒரு வரியாக அடங்கிவிடும். அங்கே நீங்கள் அனுப்பியதோ ஆறு பக்கப் பேப்பர் பட்டியல். அதே ஆள், அதே சான்று, இரண்டு பகுதிகள் இடம் மாறினால் போதும். வகை எது என்று விளம்பரத்தில் சொல்லாவிட்டால் தகுதி வரிகளை எண்ணுங்கள். அதற்கும் தெளிவில்லை என்றால், விளம்பரத்தின் அடியில் விசாரிக்க என்று ஒரு பெயர் கொடுத்திருப்பார்கள், அவருக்கு எழுதுங்கள். அப்படி எழுதுவது இங்கே சாதாரணம், சிபாரிசு தேடுவதாக யாரும் நினைக்க மாட்டார்கள்.

மாற்றி முடித்ததும் உங்கள் துறை அல்லாத ஒரு நண்பரிடம் சி.வி.யையும் அந்த 9 வரிகளையும் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பக்க எண் எழுதச் சொல்லுங்கள். எந்த வரிக்கு எண் விழவில்லையோ, அங்கே தகுதி குறைவா, வைத்த இடம் தவறா என்று உங்களுக்கே தெரியும். பழைய 11 பக்க ஃபைலை அழித்துவிடாதீர்கள். நாளைக்கே தமிழ்நாட்டில் ஒரு விளம்பரம் வந்தால், 23 எஃப்.டி.பி.க்கும் சான்றிதழ் தேதியோடு கேட்பார்கள்.